கருமுட்டையை உறைய வைப்பது: யாருக்கு, எந்த வரிசையில், எவ்வளவு எதிர்பார்க்கலாம்

இதற்காக கிளினிக்குக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது செலவு, அடுத்து வலி. எத்தனை முட்டை வேண்டும் என்ற கேள்வி கடைசியாகத்தான் வரும், சிலரிடம் வரவே வராது. குழப்பத்துக்கெல்லாம் மூலம் அந்த வரிசைதான். அதனால் இங்கே எண்ணிக்கையை முன்னால் வைத்து, ஊசியையும் ஊசிக்குப் பின் வருவதையும் அதற்கு அடுத்து வைத்திருக்கிறோம்.

1. உங்களுக்கு இது பொருந்துமா என்று பார்ப்பது

மருத்துவக் காரணத்துக்காக வருபவர்களுக்கு முடிவெடுப்பது எளிது. கீமோதெரபி தொடங்கப்போகும் பெண், சினைப்பையில் எண்டோமெட்ரியோசிஸ் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்யவிருப்பவர், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்ற குடும்பத்துப் பெண் ஆகியோர் இந்த வகை. இவர்கள் செய்யும் தவறு தாமதம்தான். புற்றுநோய் என்று தெரிந்தவர் மாதவிடாய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுழற்சியின் எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கலாம், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முட்டையை எடுத்துவிடலாம். மார்பகப் புற்றுநோய் ஈஸ்ட்ரோஜனுக்கு வளரும் வகையாக இருந்தால் ஊசியோடு லெட்ரோசோல் மாத்திரையும் சேர்த்து அந்த ஹார்மோன் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். கட்டியை அகற்றும்போது சினைப்பையின் நல்ல திசுவும் கொஞ்சம் போய்விடும் என்பதால், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

மற்றவர்கள் வயதுக்காக வருபவர்கள். இன்னும் திருமணம் ஆகவில்லை, அல்லது ஆகியும் இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்கள். இவர்களுக்கு 30-லிருந்து 36, 37 வரை பலன் அதிகம். 25 வயதில் உறைய வைத்தால் முட்டை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதைப் பயன்படுத்தவே தேவை வராமல் போகும் வாய்ப்பும் அதிகம். 40-க்கு மேல் செய்யக்கூடாது என்றில்லை. ஆனால் கிடைக்கும் முட்டைகளும் குறைவு, அவற்றில் குரோமோசோம் சரியாக இருப்பவை அதைவிடக் குறைவு.

திருமணமானவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். கணவரின் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக உறைய வைத்தால், எத்தனை நல்ல கரு இருக்கிறது என்பது இப்போதே தெரிந்துவிடும். முட்டையாக வைத்தால் அது உருக்கும் நாளில்தான் தெரியும். ஆனால் கருவின் மீது இருவருக்கும் உரிமை உண்டு, முட்டை உங்களுடையது மட்டும்.

2. முதலில் கையில் வேண்டிய இரண்டு எண்கள்

ஒன்று ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை, அதாவது சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் ஹார்மோனின் அளவு. இதை எந்த நாளிலும் எடுக்கலாம், வெறும் வயிறு தேவையில்லை. மற்றொன்று மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஸ்கேன். இரு சினைப்பைகளிலும் சிறிய ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டை வளரும் சிறு நீர்ப்பைகள், எத்தனை என்று அதில் எண்ணுவார்கள். இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒரு சுழற்சியில், அதாவது ஒருமுறை ஊசி போட்டு முட்டை எடுப்பதில், உங்களுக்கு எத்தனை முட்டை கிடைக்கலாம் என்று மருத்துவர் கணிப்பார்.

இங்கே மூன்று இடங்களில் தடுமாற்றம் வருகிறது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஏஎம்எச் எடுத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம், அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அடுத்தது அலகு. இந்திய ஆய்வகங்கள் பெரும்பாலும் நானோகிராமில் தருகின்றன, வெளிநாட்டு அறிக்கைகள் பல பிகோமோலில் வரும். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்குச் சுமார் 7 பிகோமோல். 14 என்று பார்த்து மகிழ்ந்தவருக்கு உண்மையில் இருப்பது 2 தான்.

மூன்றாவதுதான் பெரியது. ஏஎம்எச் எத்தனை முட்டை என்பதைச் சொல்லுமே தவிர, தரத்தைச் சொல்லாது. தரத்தைத் தீர்மானிப்பது வயது. 41 வயதில் ஏஎம்எச் 4 என்றால் முட்டைகள் நிறையக் கிடைக்கலாம், ஆனால் அவை 41 வயது முட்டைகள்தான். பிசிஓடி உள்ளவர்களிடம் இந்த எண் இயல்பாகவே உயர்ந்திருக்கும் என்பதால் அவர்களுக்கு இந்த ஏமாற்றம் கூடுதல்.

திருமணமாகாத பெண்களுக்கு ஒரு சொல். இந்த ஸ்கேன் வழக்கமாகப் பெண்ணுறுப்பு வழியாகச் செய்யப்படுவது. உடலுறவு இல்லாதவர் என்றால் அதை முன்கூட்டியே தயங்காமல் சொல்லிவிடுங்கள். வயிற்றின் மேலிருந்தோ ஆசனவாய் வழியாகவோ பார்க்க முடியும், வயிற்றின் மேலிருந்து பார்த்தால் எண்ணிக்கை சற்றுத் தெளிவு குறையும். ஆனால் முட்டையை எடுக்கும் நாளில் ஊசி பெண்ணுறுப்பு வழியாகத்தான் போகும். அது மயக்கத்தில் நடப்பது. இதை வீட்டில் பேச வேண்டுமானால் இப்போதே பேசிவிடுவது நல்லது, ஊசிக்குப் பணம் கட்டிய பிறகு அல்ல.

3. எத்தனை முட்டை வேண்டும் என்று முடிவு செய்வது

முட்டை ஒவ்வொன்றும் ஒரு குழந்தை என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் சில உதிரும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

33 வயதுப் பெண், ஏஎம்எச் 2.1, ஃபாலிக்கிள் 13. ஒரு சுழற்சியில் 12 முட்டைகள் எடுக்கப்படுகின்றன. அவற்றில் முதிர்ந்தவை 9. பொதுவாக நான்கில் மூன்று பங்குதான் முதிர்ந்திருக்கும், அவை மட்டுமே உறைய வைக்கப்படும். ஆறு ஆண்டு கழித்து உருக்கும்போது 8 உயிர் பிழைக்கின்றன. விந்தணு செலுத்தியதில் 6 கருவாகின்றன. ஐந்தாம் நாள்வரை வளர்பவை 3. அந்த மூன்றில் குரோமோசோம் சரியாக இருப்பவை இந்த வயது முட்டையில் சுமார் 2. ஒரு நல்ல கருவைக் கருப்பையில் வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி, அல்லது அதற்குச் சற்று மேல்.

ஆக, 12 என்று தொடங்கியவர் கையில் கடைசியில் நிற்பது இரண்டு முயற்சிகள். இதுவும் சராசரிதான். ஐந்தாம் நாளில் ஐந்து கரு உள்ளவரும் இருப்பார், ஒன்றுமே இல்லாதவரும் இருப்பார். இதே பெண் 41 வயதில் அதே 9 முதிர்ந்த முட்டைகளை உறைய வைத்திருந்தால், ஐந்தாம் நாளில் இரண்டு கரு நின்றாலும் அவற்றில் ஒன்று சரியாக இருந்தாலே நல்ல விளைவு. உருக்கும்போது அவருக்கு என்ன வயது என்பது இந்தக் கணக்கை அதிகம் மாற்றாது. உறைய வைத்த நாளின் வயதுதான் கணக்கு.

இதற்கு ஒரு பொது அளவுகோல் உண்டு. பாஸ்டன் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, குறைந்தது ஒரு குழந்தைக்கு 75% வாய்ப்பு வேண்டுமென்றால் 34 வயதில் 10 முதிர்ந்த முட்டைகள், 37 வயதில் 20, 42 வயதில் 61 தேவை. இது மாதிரிக் கணக்கு. முட்டையை உறைய வைத்து மீண்டும் வந்த பெண்களைப் பின்தொடர்ந்து எடுத்தது அல்ல. ஆனால் 37-க்கும் 42-க்கும் இடையே எண் எப்படித் தாவுகிறது என்று பாருங்கள். 42 வயதில் ஒரு சுழற்சிக்கு ஐந்தாறு முட்டை கிடைப்பவர் 61-ஐ எட்டுவது நடக்கிற காரியமில்லை. அதை மருத்துவர் வாயிலிருந்து வரவழையுங்கள்.

உண்மையில் திரும்பி வந்தவர்களின் கணக்கு வேண்டுமென்றால், நியூயார்க் பல்கலைக்கழக மையம் 2022-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 543 பெண்கள், உறைய வைத்தபோது சராசரி வயது 38. முட்டையை உருக்கிப் பயன்படுத்தியவர்களில் 39% பேருக்குக் குழந்தை கிடைத்தது. 38 வயதுக்கு முன் உறைய வைத்தவர்களில் அது 51%. 38-க்கு முன் உறைய வைத்து, 20 அல்லது அதற்கு மேற்பட்ட முதிர்ந்த முட்டைகளை உருக்கியவர்களில் 70%. எல்லாம் சாதகமாக இருந்தும் பத்தில் மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எனவே உங்கள் வயதுக்கான இலக்கு எண்ணை எழுதிக்கொண்டு, ஒரு சுழற்சியில் எவ்வளவு வரலாம் என்ற கணிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டு சுழற்சி வேண்டியிருக்கும் என்றால் அதற்கான பணத்தையும் விடுப்பையும் இப்போதே திட்டமிடுங்கள். முதல் சுழற்சியில் 6 முட்டை வந்த பிறகு இதை யோசிப்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

4. கிளினிக்கில் கேட்க வேண்டியவை

‘உங்கள் வெற்றி விகிதம் என்ன’ என்று கேட்டால் 70, 80 என்று ஏதோ ஒரு எண் வரும். அது கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனவர்களின் கணக்காகவோ, தானமாகப் பெற்ற இளம் முட்டைகளின் கணக்காகவோ இருக்கலாம். கேள்வியை மாற்றுங்கள். இதுவரை எத்தனை பேரின் உறைந்த முட்டைகளை இங்கே உருக்கியிருக்கிறீர்கள், அவற்றில் எத்தனை சதவீதம் பிழைத்தன, எத்தனை குழந்தைகள் பிறந்தன? உறைய வைப்பதில் அனுபவம் உள்ள இடங்கள் நிறைய, உருக்குவதில் அனுபவம் உள்ளவை அவ்வளவு இல்லை. நல்ல ஆய்வகத்தில் 80 முதல் 90 சதவீத முட்டைகள் பிழைக்க வேண்டும்.

இந்தியாவில் இது 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவுபெற்ற கிளினிக்கில்தான் செய்ய வேண்டும். 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் உள்ள பெண், திருமணமாகாதவர் உட்பட, இந்தச் சேவையைப் பெறலாம். சேமிப்புக் காலம் பொதுவாக 10 ஆண்டு என்று படிவத்தில் இருக்கும். எத்தனை ஆண்டு, கட்டணம் கட்டத் தவறினால் என்ன ஆகும், நீங்கள் இறந்துவிட்டால் முட்டை என்ன ஆகும் என்ற மூன்று வரிகளையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு விதி வேறு. அங்கே 2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயதுவரை உள்ள பெண்கள் மருத்துவக் காரணம் இல்லாமலும் உறைய வைக்கலாம், ஆனால் சட்டப்படி திருமணமான பிறகே அந்த முட்டையைப் பயன்படுத்த முடியும்.

விலை சொல்லும்போது ஊசி மருந்து அதில் சேர்ந்ததா என்று கேளுங்கள். மொத்தச் செலவில் பெரும் பங்கு அதுதான், டோஸ் கூடினால் அதுவும் கூடும். ஆண்டுச் சேமிப்புக் கட்டணமும், பின்னாளில் உருக்கிக் கருவாக்கும் செலவும் தனி.

5. ஊசி நாட்கள்

தொடங்கும் முன் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தொற்று உள்ளவரின் முட்டை தனித் தொட்டியில் வைக்கப்பட வேண்டும் என்பதே காரணம்.

மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்கி தினமும் ஒரே நேரத்தில் எஃப்எஸ்எச் ஊசி. வழக்கமான அளவு 150 முதல் 300 யூனிட், சுமார் 9 முதல் 12 நாள். ஒவ்வொரு மாதமும் பல ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்கும், ஒன்று மட்டும் முந்தும், மற்றவை அழிந்துபோகும். இந்த ஊசி அழியப்போகிறவற்றையும் வளர வைக்கிறது. இதனால் முட்டை இருப்பு சீக்கிரம் தீராது, மாதவிடாயும் முன்கூட்டியே நிற்காது.

தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, கீழ்வயிற்றின் கொழுப்பில் போட்டுக்கொள்ளலாம். பொடியாக வரும் மருந்தில் திரவத்தை மெதுவாக விட்டு, புட்டியைச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கக் கூடாது. பேனா வடிவில் இருந்தால் கடைசி ஊசியின்போது கவனம் தேவை. பேனாவில் மருந்து போதாவிட்டால் பாதியில் நின்றுவிடும், இன்னும் எவ்வளவு பாக்கி என்பது அதன் சாளரத்தில் தெரியும். அந்த மீதியைப் புதிய பேனாவில் போட வேண்டும். பலர் அதைப் பார்க்காமல், போட்டு முடித்துவிட்டதாக நினைத்து மூடி வைத்துவிடுகிறார்கள்.

முட்டை தானாக வெடித்து வெளியேறாமல் தடுக்க இன்னொரு மருந்து வேண்டும். ஐந்தாம், ஆறாம் நாளிலிருந்து செட்ரோரெலிக்ஸ் 0.25 மில்லிகிராம் ஊசி தருவது ஒரு வழி. புரொஜெஸ்டிரான் வகை மாத்திரையை முதல் நாளிலிருந்தே தருவது இன்னொரு வழி. இந்தச் சுழற்சியில் கருவை உள்ளே வைக்கப்போவதில்லை என்பதால் மாத்திரை போதும், செலவும் குறைவு. எழுதித் தராவிட்டால் கேட்டுப் பாருங்கள். இரண்டில் எதுவானாலும் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன் இருக்கும். இந்த நாட்களில் ஓட்டம், குதித்தல், வயிற்றை முறுக்கும் பயிற்சி வேண்டாம். பெரிதான சினைப்பை முறுக்கிக்கொண்டால் அவசர அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். நடப்பது நல்லது.

6. ட்ரிகர் ஊசி

மூன்று நான்கு ஃபாலிக்கிள்கள் 17, 18 மில்லிமீட்டரை எட்டியதும் ட்ரிகர் ஊசி. முட்டையின் கடைசி முதிர்ச்சி இந்த ஊசியால்தான் நடக்கிறது. மொத்தச் சிகிச்சையிலும் நிமிடம் பிசகாமல் கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டிய ஒரே ஊசி இது. புதன் இரவு 9.30-க்குப் போட்டால் வெள்ளி காலை 9.30 அளவில் முட்டை எடுப்பார்கள், அதாவது 36 மணி நேரம். முன்னால் எடுத்தால் முட்டை முதிர்ந்திருக்காது, தாமதித்தால் வெடித்துப் போயிருக்கும். ஒரு மணி நேரம் தவறிவிட்டால் மறைக்காமல் உடனே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் அறுவை நேரத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

பிசிஓடி உள்ளவர்களும், 15, 20 ஃபாலிக்கிள் வளர்ந்தவர்களும் இங்கே ஒன்று கேட்க வேண்டும். ட்ரிகராக வழக்கமாகத் தரும் எச்சிஜி ஊசி உடலில் பல நாள் நின்று சினைப்பையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். வயிற்றில் நீர் கோர்க்கும் ஓஎச்எஸ்எஸ் பிரச்சினை அதனால்தான் வருகிறது. அதற்குப் பதில் ட்ரிப்டோரெலின் போன்ற ஊசியைக் கொடுத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். முட்டையை மட்டும் எடுத்து உறைய வைப்பவருக்கு எச்சிஜி-யைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலும் காரணமில்லை.

7. முட்டை எடுக்கும் நாளும் ஆய்வகமும்

முந்தைய நள்ளிரவிலிருந்து சாப்பாடு, தண்ணீர் கிடையாது. மயக்க ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடி பெண்ணுறுப்பின் சுவர் வழியாக ஊசியை விட்டு ஒவ்வொரு ஃபாலிக்கிளின் நீரையும் உறிஞ்சுவார்கள். 15 முதல் 30 நிமிடம். தையல் இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம், ஆனால் வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும்.

ஆய்வகத்தில் முட்டையைச் சுற்றியுள்ள செல்களை நீக்கி, முதிர்ந்ததா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மனித உடலின் மிகப் பெரிய செல் முட்டைதான், உள்ளே நீர் நிறைய. மெதுவாகக் குளிர்வித்தால் அந்த நீர் பனிக்கட்டி ஊசிகளாகி முட்டையைக் கிழித்துவிடும். அதனால் நீரை வெளியேற்றும் கரைசலில் சில நிமிடம் வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் இரண்டு மூன்றாக ஏற்றி, நேராக மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்குவார்கள். நீர் பனியாக மாற நேரமில்லாமல் கண்ணாடிபோல் உறைந்துவிடும். எத்தனை ஆண்டு வைத்தாலும் இந்த நிலையில் முட்டைக்கு வயதாவதில்லை.

வெளியே வரும்போது எழுத்தில் வாங்க வேண்டியது: எடுத்தவை எத்தனை, முதிர்ந்தவை எத்தனை, உறைய வைத்தவை எத்தனை, எத்தனை பட்டைகளில், ஒவ்வொன்றிலும் எத்தனை. ‘12 முட்டை கிடைத்தது’ என்று வாய்மொழியாகக் கேட்டு மகிழ்ந்து போனவர், உறைந்திருப்பது 7 என்று ஆண்டுகள் கழித்து அறிவது உண்டு.

8. அடுத்த பத்து நாள்

வயிறு உப்புசம், லேசான ரத்தக்கசிவு இயல்பு. மாதவிடாய் ஒன்று, இரண்டு வாரத்துக்குள் வரும். எடை நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோ கடும் வலியோ வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த மாதவிடாய்வரை உடலுறவில் கவனம் தேவை. எடுக்காமல் விடுபட்ட முட்டை ஒன்றிரண்டு உள்ளே இருக்கலாம்.

9. முட்டையைப் பயன்படுத்தும் காலம்

திரும்பி வந்த உடனே உருக்க வேண்டும் என்றில்லை. 36, 37 வயதில் திருமணமானவர் ஆறு மாதம் இயல்பாக முயன்று பார்க்கலாம். உறைந்த முட்டை எங்கும் போய்விடாது, உடலில் இருக்கும் முட்டைதான் குறைந்துகொண்டே இருக்கும். இரண்டு குழந்தை வேண்டும் என்பவர்கள் முதல் குழந்தைக்கு இயல்பாக முயன்று, உறைந்ததை இரண்டாவதற்கு வைத்துக்கொள்வதும் உண்டு.

உருக்கிய முட்டையின் ஓடு கெட்டிப்பட்டிருக்கும் என்பதால், விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்தும் இக்சி முறைதான். கருப்பை உள்வரியை மாத்திரையால் தடிமனாக்கி, ஐந்தாம் நாள் கரு ஒன்றை உள்ளே வைப்பார்கள். வயது கூடியபின் கர்ப்பம் தரித்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு அதிகம், முட்டை இளமையானது என்பது அதைத் தடுக்காது. எனவே 40-ஐத் தாண்டியவர் கருவை வைக்கும் முன் இதயம், அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையில் 9 முட்டை இருந்தால், மூன்று மூன்றாக உருக்கிச் சேமிக்கலாம் என்று தோன்றும். மூன்றை உருக்கினால் ஐந்தாம் நாளில் ஒன்றுகூட நிற்காமல் போவது சாதாரணம், ஒவ்வொரு முறையும் ஆய்வகச் செலவு வேறு. பத்துக்குக் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் உருக்குவதுதான் பொதுவாகச் சரி. கூடுதல் கரு நின்றால் அதை ஐந்தாம் நாளிலேயே மறுபடி உறைய வைத்துக்கொள்ளலாம். 20, 25 முட்டை உள்ளவர் பாதியை உருக்கிப் பார்த்துவிட்டு, மீதியை அப்படியே விட்டுவைக்கலாம்.